ஆத்தங்குடித் தரையில் பளபளப்பு மறையும் இடம்: புரூஸ்டர் கோணம் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடி, கானாடுகாத்தான், ஆத்தங்குடி வட்டாரத்துப் பழைய வீடுகளைப் படமெடுப்பது என் தொழில். கல்லூரியில் படித்தது இயற்பியல். லென்ஸின் முன்னால் ஒரு போலராய்டு வில்லையை மாட்டி மெல்லத் திருப்பும்போது, தரையில் பாய் விரித்தாற்போல் கிடந்த வெளிச்சம் கரைந்து, அடியிலிருந்து பூவேலை மேலே வரும். கேமராத் திரையில் அதைப் பார்த்த வீட்டுக்காரர்கள், பள்ளிப் பிள்ளைகள், கூடப் படமெடுக்கும் நண்பர்கள் எல்லோரும் என்னிடம் கேட்ட கேள்விகள்தான் இவை. ஒவ்வொரு முறையும் அவசரத்தில் பாதி பதில்தான் சொல்ல முடிந்தது. இங்கே முழுதாகச் சொல்கிறேன்.

எந்தக் கோணத்தில் பட்டால் திரும்பி வருகிற வெளிச்சம் முழுசா தளவிளைவு ஆகும்?

கண்ணாடியில் பட்டால் சுமார் 56 டிகிரி. தண்ணீரில் பட்டால் 53 டிகிரி. இந்தக் கோணத்தைத் தரையிலிருந்து அளக்கக் கூடாது. ஒளி படும் புள்ளியில் தரைமேல் ஒரு குச்சியை நட்டக்குத்தாக நிறுத்தியதாக வைத்துக்கொண்டு, அந்தக் குச்சியிலிருந்து அளக்க வேண்டும். பலர் தவறுவது இங்கேதான். தரையிலிருந்து அளந்தால் கண்ணாடிக்கு 34, தண்ணீருக்கு 37 என்று வரும்.

பொது விதி மிகச் சிறியது:

tan θ = n

θ என்பது படுகோணம். n என்பது அந்தப் பொருளின் ஒளிவிலகல் எண், அதாவது அதற்குள் நுழையும் ஒளி எவ்வளவு வளைகிறது என்பதைக் காட்டும் எண். சாதாரணக் கண்ணாடிக்கு அது 1.5, தண்ணீருக்கு 1.33. இந்தக் கோணத்துக்குப் புரூஸ்டர் கோணம் என்றும் தளவிளைவுக் கோணம் என்றும் பெயர்.

தளவிளைவுன்னா என்ன? அதைச் சொல்லாம மேலே போனா புரியாதே.

சரி. ஒளி ஓர் அலை. அதில் ஆடுவது மின்புலம். ஒளி எந்தத் திசையில் போகிறதோ, அந்தத் திசைக்குக் குறுக்கேதான் அது ஆடும், முன்னும் பின்னும் ஆடாது. இந்த ஒரு வரியை மனத்தில் வையுங்கள், காரணம் கேட்கும்போது இது மறுபடியும் வரும்.

பல்பிலிருந்தோ வெயிலிலிருந்தோ நேராக வரும் ஒளியில் இந்தக் குறுக்காட்டம் எல்லாப் பக்கமும் கலந்து இருக்கும். அதில் ஒரே ஒரு பக்கத்து ஆட்டம் மட்டும் மிஞ்சினால் அதுதான் தளவிளைவு அடைந்த ஒளி. போலராய்டு என்பது ஒரு பக்கத்து ஆட்டத்தை விட்டு, அதற்குச் செங்குத்தானதை விழுங்கிவிடும் தாள். வெறும் கண்ணுக்கு இந்த இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. அதனால்தான் போலராய்டைக் கையில் பிடித்துத் திருப்பிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

தரையில் பட்டு உங்கள் கண்ணுக்கு வரும் ஒளியில் இரண்டு ஆட்டங்களை மட்டும் பிரித்துக்கொண்டால் போதும். ஒன்று, தரைக்கு இணையாக இடமும் வலமும் ஆடுவது. இதைப் பக்க ஆட்டம் என்று சொல்கிறேன். மற்றொன்று, ஒளி இறங்கி ஏறும் அந்த நட்டக்குத்தான தளத்துக்குள்ளேயே ஆடுவது. இது மேல்கீழ் ஆட்டம். புரூஸ்டர் கோணத்தில் மேல்கீழ் ஆட்டம் சுத்தமாகத் திரும்பி வராது, பக்க ஆட்டம் மட்டும் வரும்.

கோணமானி இல்லாம தரையில அந்த இடத்தை எப்படிக் கண்டுபிடிக்கிறது?

டேப் போதும். tan என்பதே கிடைத்தூரத்தை உயரத்தால் வகுத்ததுதான். அது n-க்குச் சமம் என்றால், தூரம் = உயரம் × n. இவ்வளவுதான்.

லென்ஸ் தரையிலிருந்து 4 அடி உயரத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தரையின் மேற்பரப்புக்கு n சுமார் 1.5 என்றால், லென்ஸுக்கு நேர் கீழே உள்ள புள்ளியிலிருந்து 6 அடி தள்ளி இருக்கும் இடத்தில் பளபளப்பு மறையும். நின்று பார்ப்பவரின் கண் 5 அடி உயரத்தில் இருந்தால் அந்த இடம் ஏழரை அடியில். கேமராவைத் தாழ்த்தினால் அது உங்களை நோக்கி வரும், உயர்த்தினால் விலகிப் போகும். குட்டிப் பிள்ளை பார்க்கும் இடமும் அப்பா பார்க்கும் இடமும் வேறு வேறு.

முற்றத்தின் ஒரு பக்கத் தாழ்வாரத்தில் முக்காலியை வைத்து எதிர்ப்பக்கத்துத் தரையைப் பார்க்கும்போது, திறந்த முற்றத்து வானம் தரையில் வெள்ளையாக விழுந்திருக்கும். நான் முதலில் டேப்பைப் பிடித்து அந்த 6 அடியைக் குறித்துக்கொள்வேன். படத்தில் முக்கியமாக வர வேண்டிய கல் எதுவோ அது அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில் வருமாறு முக்காலியை நகர்த்துவேன். வில்லையைத் திருப்புவது அதற்குப் பிறகுதான்.

ஆத்தங்குடிக் கல்லை இதற்கென்றே செய்ததுபோல் தோன்றும். அதைக் கண்ணாடித் தகட்டின் மேல் கவிழ்த்து வார்க்கிறார்கள். வண்ணம் கலந்த சிமெண்ட்டை அச்சில் ஊற்றி, மேலே மணலும் சிமெண்ட்டும் சேர்த்து அமுக்கி, காய்ந்த பின் தண்ணீரில் ஊறப்போட்டு எடுப்பார்கள். சூளையில் சுடுவது கிடையாது. கண்ணாடியின் வழவழப்பு அப்படியே கல்லின் முகத்துக்கு வந்துவிடுகிறது. அந்த வழவழப்புதான் ஒளியைக் கண்ணாடிபோல் திருப்பி அனுப்புகிறது. சிவப்பும் பச்சையுமோ அந்த மேற்பரப்புக்குள் புகுந்து, வண்ணத்தூளில் பட்டுச் சிதறித் திரும்பும் ஒளி. சிதறிய ஒளியில் எல்லாப் பக்கத்து ஆட்டமும் கலந்திருக்கும். ஆகவே போலராய்டு பளபளப்பை முழுக்க அகற்றினாலும் வண்ணத்தில் பாதியை விட்டுவைக்கிறது. வண்ணம் கூடியதுபோல் தெரிவதற்கு இதுதான் காரணம். உண்மையில் கூடவில்லை, மேலே படிந்திருந்த வெள்ளை போய்விட்டது.

ஏன் அந்த ஒரு கோணத்துல மட்டும் மேல்கீழ் ஆட்டம் திரும்பி வர மாட்டேங்குது?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. பாடப்புத்தகத்தில் 'எதிரொளித்த கதிரும் விலகிய கதிரும் ஒன்றுக்கொன்று செங்குத்தாக இருக்கும்போது தளவிளைவு முழுமையாகும்' என்று ஒரு வரி வரும். படித்து எழுதி மதிப்பெண் வாங்கிவிடலாம். செங்குத்தாக இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன என்று அங்கே பெரும்பாலும் சொல்வதில்லை.

முதலில் எதிரொளிப்பு என்பதையே கொஞ்சம் வேறு மாதிரி பார்க்க வேண்டும். ஒளி பந்துபோல் தரையில் மோதித் துள்ளுவதில்லை. அது கண்ணாடிக்குள் நுழைகிறது. உள்ளே இருக்கும் அணுக்களின் எலக்ட்ரான்களைத் தன் மின்புலத்தால் ஆட்டுகிறது. ஆடுகிற எலக்ட்ரான் ஒவ்வொன்றும் தானே ஒரு குட்டி ஆன்டெனா ஆகி ஒளியை வெளியிடுகிறது. கோடிக்கணக்கான அந்தச் சிற்றலைகள் ஒன்று சேர்ந்துதான் வெளியே திரும்பி வரும் எதிரொளிப்பு உண்டாகிறது. எனவே கேட்க வேண்டிய கேள்வி: எலக்ட்ரான்கள் எந்தத் திசையில் ஆடுகின்றன, அந்த ஆட்டம் நம் கண்ணை நோக்கி ஒளியை அனுப்புமா?

இப்போது வீட்டு ஊஞ்சலை நினைத்துக்கொள்ளுங்கள். நீளச் சங்கிலியில் தேக்குப் பலகை. யாரோ ஆடிக்கொண்டிருக்கிறார். பக்கவாட்டில் நின்று பார்த்தால், இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை முழு வீச்சும் தெரியும். அதே ஊஞ்சலுக்கு நேர் எதிரே போய் நின்றால் பலகை உங்களை நோக்கி வரும், போகும். இடவலமாக அது அசைவதே இல்லை. ஊஞ்சல் ஆடுவது என்னவோ ஒன்றுதான், ஆனால் உங்கள் பார்வைக்குக் குறுக்கே தெரியும் ஆட்டம் சுழியம்.

ஆடும் எலக்ட்ரானும் அப்படியே. ஒளி தன் போக்குக்குக் குறுக்கேதான் ஆட முடியும் என்று மேலே சொன்னேன் அல்லவா? ஆகவே ஒரு திசையில் ஒளி போக வேண்டுமானால், அந்தத் திசையிலிருந்து பார்க்கும்போது எலக்ட்ரானின் ஆட்டம் குறுக்கே தெரிய வேண்டும். எலக்ட்ரான் எந்தக் கோட்டில் ஆடுகிறதோ அந்தக் கோட்டின் நேர்த்திசையில் அதனால் ஒளியை அனுப்பவே முடியாது. வானொலி ஆன்டெனாக் கம்பியின் நுனி நோக்கும் திசையில் அலை கிளம்பாததும் இதே காரணத்தால்தான்.

இனி இரண்டையும் பொருத்திப் பாருங்கள். கண்ணாடிக்குள் எலக்ட்ரான்களை ஆட்டுவது விலகு கதிர், அதாவது உள்ளே நுழைந்து வளைந்து செல்லும் கதிர். மேல்கீழ் ஆட்டத்தை எடுத்துக்கொண்டால், எலக்ட்ரான்கள் அந்த நட்டக்குத்தான தளத்துக்குள், விலகு கதிருக்குச் செங்குத்தாக ஆடும். எதிரொளித்த கதிரும் அதே தளத்தில்தான் இருக்கிறது. அது விலகு கதிருக்குச் செங்குத்தாக அமைந்துவிட்டால் என்ன ஆகும்? எலக்ட்ரான் ஆடும் கோடும் எதிரொளிக் கதிரின் கோடும் ஒன்றாகிவிடும். நீங்கள் ஊஞ்சலுக்கு நேர் எதிரே வந்து நின்றுவிட்டீர்கள். அந்த ஆட்டத்திலிருந்து உங்கள் கண்ணுக்கு ஒளி வர வழியே இல்லை.

பக்க ஆட்டத்துக்கு இந்தச் சிக்கல் கிடையாது. அந்த எலக்ட்ரான்கள் இடவலமாக ஆடுகின்றன. இறங்கும் கதிர், ஏறும் கதிர் எல்லாமே அந்த ஆட்டத்துக்குக் குறுக்கேதான் போகின்றன. எந்தக் கோணத்திலிருந்து பார்த்தாலும் ஊஞ்சலைப் பக்கவாட்டில் நின்று பார்ப்பதுபோல்தான். ஆகவே அது எப்போதும் திரும்பி வருகிறது.

அதுக்கும் tan-க்கும் என்ன சம்பந்தம்?

செங்குத்து என்ற நிபந்தனையை ஸ்நெல் விதியில் போட்டால் உடனே வந்துவிடும். விலகுகோணம் r என்றால் sin θ = n sin r. எதிரொளிக் கதிருக்கும் விலகு கதிருக்கும் இடையே 90 டிகிரி இருக்க வேண்டுமானால் θ + r = 90°. அப்போது sin r என்பது cos θ ஆகிவிடும். ஆகவே sin θ = n cos θ, அதாவது tan θ = n.

முழுமையான தளவிளைவுன்னா, வந்த வெளிச்சம் முழுக்கத் திரும்பி வருதுன்னு அர்த்தமா?

இல்லை, இதைத் தெளிவாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். 'முழுமை' என்பது திரும்பி வரும் ஒளியின் தூய்மையைக் குறிக்கிறது, அளவை அல்ல.

1.5 எண் உள்ள கண்ணாடியின் ஒரு முகத்தில், புரூஸ்டர் கோணத்தில் வரும் பக்க ஆட்டத்தில் சுமார் 15 சதவீதம்தான் திரும்புகிறது. மேல்கீழ் ஆட்டத்தில் எதுவுமே திரும்புவதில்லை. சாதாரண ஒளியில் இரண்டும் பாதிப் பாதி. எனவே மொத்தமாகப் பார்த்தால் சுமார் 7.4 சதவீதம் திரும்புகிறது, அது முழுக்கப் பக்க ஆட்டம். மற்றதெல்லாம் கண்ணாடிக்குள் போய்விடுகிறது. உள்ளே போன ஒளியில் மேல்கீழ் ஆட்டம் முழுதாகவும் பக்க ஆட்டம் 85 சதவீதமும் இருப்பதால், அது லேசாகத்தான் தளவிளைவு அடைந்திருக்கும். தண்ணீரில் திரும்புவது இன்னும் குறைவு, மொத்தத்தில் 4 சதவீதத்துக்கும் கொஞ்சம் கீழே.

வீட்டிலேயே அளந்து பார்க்கணும். எப்படிச் செய்யலாம்?

போலராய்டு வெயில் கண்ணாடி ஒன்று, கவசம் போடாத ஒரு சின்ன பல்பு, ஒரு ஜன்னல் கண்ணாடித் துண்டு, கருப்புத் துணி, டேப். ராத்திரி நேரம் நல்லது.

கருப்புத் துணியைத் தரையில் விரித்து அதன்மேல் கண்ணாடித் துண்டை வையுங்கள். பல்பு தரையிலிருந்து 2 அடி உயரத்தில் இருக்கட்டும். நீங்கள் ஒரு நாற்காலியில் உட்கார்ந்துகொள்ளுங்கள். கண் 4 அடி உயரத்துக்கு வரும், அதையும் டேப்பால் அளந்துவிடுங்கள். கண்ணாடித் துண்டில் பல்பின் பிம்பம் தெரியுமாறு அதை நகர்த்துங்கள்.

படுகோணமும் எதிரொளிக் கோணமும் சமம் என்பதால், பல்புக்கும் கண்ணுக்கும் இடைப்பட்ட மொத்தக் கிடைத்தூரத்தை இரண்டு உயரங்களின் கூட்டுத்தொகையால் வகுத்தால் tan θ கிடைத்துவிடும். இங்கே கூட்டுத்தொகை 6 அடி. மொத்தத் தூரம் 9 அடி என்றால் 9 ÷ 6 = 1.5. கண்ணாடித் துண்டு பல்பிலிருந்து 3 அடியிலும் உங்களிடமிருந்து 6 அடியிலும் இருக்கும்.

வெயில் கண்ணாடியைச் சாதாரணமாகப் போட்டுக்கொண்டு பாருங்கள். அது மேல்கீழ் ஆட்டத்தை மட்டும் விடும்படி செய்யப்பட்டது. பல்புக்கும் கண்ணுக்கும் இடையே மொத்தம் 6 அடித் தூரத்திலிருந்து தொடங்கி நாற்காலியைப் பின்னால் நகர்த்திக்கொண்டே போங்கள், பிம்பம் தெரியுமாறு கண்ணாடித் துண்டையும் கூடவே நகர்த்துங்கள். பிம்பம் மங்கிக்கொண்டே வரும், ஓரிடத்தில் ஏறக்குறைய அணைந்துவிடும், தாண்டினால் மறுபடி தலைதூக்கும். தலையைத் தோள்பக்கம் சாய்த்தால் பிம்பம் பளிச்சென்று திரும்பி வரும். அது வந்தால்தான் நீங்கள் பார்த்தது தளவிளைவு என்பது உறுதி. பிம்பம் சும்மா விலகிப் போயிருந்தால் தலையைச் சாய்த்தாலும் வராது.

'இதோ இங்கேதான் அணைகிறது' என்று ஒரே புள்ளியைக் காட்ட முடியாது. எனக்கு 8 அடி 9 அங்குலத்திலிருந்து 9 அடி 3 அங்குலம்வரை ஒரே மாதிரிதான் தெரியும். வகுத்தால் 1.46 முதல் 1.54 வரை, கோணத்தில் 55.6 முதல் 57 டிகிரி வரை. இது அளந்தவரின் பிழை அல்ல. அந்தக் கோணத்துக்கு அக்கம்பக்கத்தில் மேல்கீழ் ஆட்டம் திடீரென்று எகிறாமல் மிக மெதுவாகத்தான் கூடுகிறது. 50 டிகிரியில் அது 0.33 சதவீதம், 60 டிகிரியில் 0.2 சதவீதத்துக்கும் கீழே. படமெடுக்கிறவருக்கு இது பெரிய வசதி. 6 அடிக் கோட்டுக்கு முன்னும் பின்னும் நல்ல அகலத்துக்குத் தரை தெளிவாக வந்துவிடும்.

ஒரு எச்சரிக்கை. பல்புக்குப் பதிலாக நீல வானத்தின் பிம்பத்தை வைத்துச் சோதிக்காதீர்கள். சூரியனிலிருந்து 90 டிகிரி தள்ளியிருக்கும் வானப் பகுதியின் ஒளி ஏற்கெனவே பெரிதும் தளவிளைவு அடைந்தது. அப்போது தரை செய்த வேலை எது, வானம் செய்த வேலை எது என்று பிரிக்க முடியாது. மேகமூட்டமான வானம் என்றால் பரவாயில்லை. செல்போன் திரை, டி.வி. ஆகியவற்றின் பிம்பத்திலும் இதே சிக்கல் உண்டு.

தரையில நல்லா வேலை செய்யுது. அதே வில்லை சுவர்ல பளபளப்பை இன்னும் கூட்டுதே?

எனக்கும் இது நடந்தது. முட்டை வெள்ளைக்கரு கலந்த சுண்ணாம்புப் பூச்சுச் சுவர் ஒன்றைப் படமெடுத்தேன். தொட்டால் பளிங்குபோல் குளிர்ச்சியாக இருக்கும் பூச்சு. தரைக்குச் சரியாகத் திருப்பியிருந்த வில்லையை அப்படியே விட்டுவிட்டேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் எல்லாப் படத்திலும் ஜன்னலின் பிம்பம் சுவரில் முன்பைவிடத் தூக்கலாக நின்றது.

திரும்பி வரும் ஆட்டம், நான் பக்க ஆட்டம் என்று சொன்னது, எப்போதும் பரப்புக்கு இணையானது. தரை படுக்கையாக இருப்பதால் அங்கே அது கிடையாக ஆடுகிறது. சுவர் நிற்கிறது, ஜன்னல் ஒளி பக்கவாட்டிலிருந்து வந்து பக்கவாட்டிலேயே திரும்புகிறது. ஆகவே அங்கே மிஞ்சுவது மேலும் கீழுமாக ஆடும் ஒளி. தரைக்கு வைத்த வில்லை அதைத்தான் தாராளமாக உள்ளே விடும். 90 டிகிரி திருப்பினால் சுவர் சரியாகும், தரை மறுபடி வெளுக்கும். ஒரே படத்தில் இரண்டையும் சரிசெய்ய ஒரு வில்லையால் முடியாது. நான் இரண்டு படமாக எடுத்து அப்புறம் சேர்த்துக்கொள்கிறேன்.

கூடத்துல மாட்டியிருக்கிற பெல்ஜியம் கண்ணாடியில எந்தக் கோணத்துல பார்த்தாலும் பிம்பம் மறையலையே?

மறையாது. முகம் பார்க்கும் கண்ணாடியில் ஒளியைத் திருப்புவது முன்பக்கத்துக் கண்ணாடி அல்ல, பின்னால் பூசிய உலோகம். உலோகத்தில் எலக்ட்ரான்கள் கட்டின்றி ஓடுகின்றன, உள்ளே நுழையும் ஒளி நுழைந்த இடத்திலேயே தேய்ந்துபோகிறது. மேல்கீழ் ஆட்டத்தின் எதிரொளிப்பு ஒரு கோணத்தில் சற்றுக் குறையும், ஆனால் சுழியம் ஆகாது. பித்தளைக் குத்துவிளக்கு, எவர்சில்வர் தூக்கு எல்லாவற்றுக்கும் இதே கதைதான். பளபளப்பு போலராய்டுக்கு அடங்கவில்லை என்றால் அங்கே உலோகம் இருக்கிறது என்று சந்தேகப்படலாம். வார்னிஷ் அடித்த தேக்குத் தூணில் அடங்கும், பித்தளைப் பூண் போட்ட இடத்தில் அடங்காது.

சட்டம் போட்ட ஐயா படத்தைக் கண்ணாடியைக் கழட்டாம படமெடுக்க இது உதவுமா?

உதவும், ஆனால் விட்டுக்கொடுத்துத்தான். கண்ணாடிக்கு முன்முகம், பின்முகம் என இரண்டு பரப்புகள் உண்டு. முன்முகத்தில் 56 டிகிரியில் பட்ட ஒளி உள்ளே 34 டிகிரியில் போய்ப் பின்முகத்தைத் தொடும். உள்ளிருந்து வெளியே வரும் ஒளிக்கு அதுதான் புரூஸ்டர் கோணம். முன்முகத்தில் மேல்கீழ் ஆட்டம், அதாவது கதிர் வந்து திரும்பும் தளத்துக்குள்ளேயே ஆடுவது, மிச்சமின்றி உள்ளே போகிறது என்றால், அதே பாதையில் எதிர்த்திசையில் வந்தாலும் மிச்சமின்றி வெளியே போக வேண்டும் அல்லவா? ஆக இரண்டு முகத்துப் பிம்பமும் சேர்ந்தே மறைகின்றன.

சிக்கல் கோணத்தில்தான். 56 டிகிரி சாய்வில் நின்று எடுத்தால் ஐயாவின் முகம் ஒடுங்கிவிடும், கணினியில் நிமிர்த்தினாலும் அகலவாக்கில் நுணுக்கம் போயிருக்கும். நேர் எதிரே நின்று எடுத்தாலோ போலராய்டால் எந்தப் பயனும் இல்லை. அங்கே இரண்டு ஆட்டமும் ஒரே அளவில், ஒவ்வொரு முகத்திலும் 4 சதவீதம் திரும்புகிறது. நான் 40 டிகிரி அளவில் நிறுத்திக்கொள்வேன். அங்கே பக்க ஆட்டம் கிட்டத்தட்ட 8 சதவீதம், மேல்கீழ் ஆட்டம் ஒன்றரைக்கும் கீழே. பிம்பம் முழுக்கப் போகாது, ஆனால் நிழலாகத் தேய்ந்துவிடும். மீதிக்கு, எதிர்ச்சுவரை ஒரு கருப்புத் துணியால் மறைத்துவிடுவேன்.

கேமராவுக்கு விற்கும் வட்டத் தளவிளைவு வில்லையைக் கையில் எடுத்துக் கண்ணால் பார்ப்பவர்கள், லென்ஸில் மாட்டும் மரைப் பக்கம் கண்ணை நோக்கி இருக்குமாறு பிடிக்க வேண்டும். திருப்பிப் பிடித்தால் எவ்வளவு சுழற்றினாலும் பிம்பம் மறையாது, நிறம் லேசாக மாறும், அவ்வளவுதான். வில்லை கெட்டுவிட்டது என்று நினைத்துவிட வேண்டாம்.

இதை யார் கண்டுபிடிச்சாங்க?

1808-இல் பாரிஸில் எத்தியேன் லூயி மலூஸ், எதிரே இருந்த லக்சம்பர்க் அரண்மனை ஜன்னல்களில் மாலை வெயில் பட்டுத் திரும்புவதை எதையும் இரண்டாகக் காட்டும் ஒரு கால்சைட் படிகத்தின் வழியே பார்த்தார். படிகத்தைச் சுழற்றச் சுழற்ற, அதில் தெரிந்த இரண்டு பிம்பங்களும் மாறி மாறி மங்கின. எதிரொளிப்பே ஒளியைத் தளவிளைவு ஆக்கும் என்பது அப்படித்தான் தெரியவந்தது. கோணத்துக்கும் ஒளிவிலகல் எண்ணுக்கும் உள்ள தொடர்பை 1815-இல் சொன்னவர் ஸ்காட்லாந்துக்காரர் டேவிட் புரூஸ்டர். எலக்ட்ரான் என்ற ஒன்றே அப்போது தெரியாது. அவர் பல பொருள்களை அளந்து அளந்துதான் விதியை எட்டினார்.

ஊருணித் தண்ணியில அடிப்படி தெரியற மாதிரி படமெடுக்க எந்த நேரம் நல்லது?

இரண்டு விஷயங்கள் இதில் கலந்திருக்கின்றன. வானத்துப் பிம்பம்தான் தொந்தரவு என்றால் நேரம் முக்கியமில்லை, நீங்கள் பார்க்கும் கோணம்தான் முக்கியம். தண்ணீர் மட்டத்திலிருந்து கண் 6 அடி உயரத்தில் இருந்தால் 6 × 1.33, அதாவது 8 அடி தள்ளியிருக்கும் தண்ணீரைப் பாருங்கள். அங்கே வானம் விலகி, முங்கிய படிக்கட்டும் மீனும் தெரியும். தண்ணீர் செம்மண் கலங்கலாக இருந்தால் படிக்கட்டு தெரியாது. ஆனால் அந்தச் செம்மண் நிறம் வானத்து வெளுப்பு கலக்காமல் தெரியும், எனக்கு அதுவும் பிடிக்கும்.

சூரியனே தண்ணீரில் தகதகத்துக் கண்ணைக் கூசவைக்கிறது என்றால்தான் மணி பார்க்க வேண்டும். சூரியன் அடிவானிலிருந்து 37 டிகிரி உயரத்தில் இருக்கும்போது அதன் ஒளி தண்ணீரில் 53 டிகிரியில் படுகிறது. பங்குனி மாதம் பகலும் இரவும் சமமாக இருக்கும் நாளில், காரைக்குடியில் அது காலை 8 மணி 50 நிமிடத்தை ஒட்டியும் மாலை 3 மணி 50 நிமிடத்தை ஒட்டியும் வரும். காற்றில்லாமல் தண்ணீர் தட்டையாகக் கிடந்தால் தகதகப்பு முழுக்க அடங்கும். சிற்றலை எழுந்தால் ஒவ்வொரு அலையும் ஒரு சாய்வில் நிற்பதால், அங்கங்கே பொட்டுப் பொட்டாக மின்னிக்கொண்டிருக்கும். அதை வில்லையால் ஒன்றும் செய்ய முடியாது.

நம் ஊர் சி.வி. ராமன் செய்ததும் இதைத்தான். 1921-இல் இங்கிலாந்திலிருந்து நார்குண்டா கப்பலில் திரும்பும்போது, கடலின் நீலம் வானத்து நீலத்தின் பிம்பம்தானா என்ற கேள்வி அவருக்கு இருந்தது. இயற்பியலாளர் ரேலி அப்படித்தான் சொல்லியிருந்தார். ராமன், போலராய்டின் வேலையைச் செய்யும் ஒரு நிகல் பட்டகத்தின் வழியே, புரூஸ்டர் கோணத்தில் கடலைப் பார்த்தார். வானத்துப் பிம்பம் அணைந்துபோனது. கடல் கருத்துப்போக வேண்டியதுதானே? கருக்கவில்லை, நீலம் இன்னும் ஆழமாகத் தெரிந்தது. அந்த நீலம் தண்ணீர் மூலக்கூறுகளே சிதறடிக்கும் ஒளி என்ற முடிவுக்கு அவர் வந்தார். ஒளிச்சிதறல் ஆய்வில் அவர் முழுமூச்சாக இறங்கியது அதன் பிறகுதான். 1928-இல் ராமன் விளைவைக் கண்டதும் அந்த ஆய்வின் தொடர்ச்சியாகத்தான்.